நான்கு மணிக் கனவு: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மட்டும் ஏன் இத்தனை துலக்கமாக?

சில்வர்ஓக் நிழல் (ஏற்காடு)

எனக்கு இது முதல் பிள்ளை. 32 வாரம் முடிந்திருக்கிறது. கணவருக்குக் காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை என்பதால் மலையிலேயே குடியிருக்கிறோம். பிரசவம் கீழே சேலத்தில், அம்மா வீட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டு வாரத்தில் மூன்று முறை ஏறக்குறைய ஒரே கனவு. வலி எடுத்துவிட்டது, ஜீப்பில் இறங்குகிறோம், பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டத்தில் வண்டி நின்றுவிடுகிறது. ஓட்டுபவர் யார் என்று பார்த்தால் என் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். பிள்ளை அங்கேயே பிறந்துவிடுகிறது. அதைக் காப்பிப் பழம் பறிக்கும் கூடையில் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போகிறேன். திரும்பி வந்தால் சாலை நெடுக நூறு கூடைகள். எல்லாம் ஒரே மாதிரி. எதில் என் பிள்ளை என்று தெரியவில்லை. விழித்துப் பார்த்தால் மணி நான்கு, நான்கே கால்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று மாமியார் பயந்துபோய் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்திருக்கிறார். எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு. கல்யாணத்துக்கு முன் நான் கனவே காணாதவள். தங்கை ஒவ்வொரு காலையிலும் கதை கதையாகச் சொல்லும்போது பொறாமையாக இருக்கும். இப்போது எனக்குக் கூடையின் மூங்கில் பின்னல்கூட நினைவில் நிற்கிறது. பலன் கேட்கவில்லை, காரணம் கேட்கிறேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மாரியம்மன் துணை

கூடை கண்டால் பெண் பிள்ளை. பாம்பு கண்டால் ஆண் பிள்ளை. எங்கள் வீட்டில் மூன்று பிரசவத்திலும் சரியாக இருந்தது. கவலைப்படாதீர்கள் கண்ணு, மகாலட்சுமியே வரப்போகிறாள்.

சில்வர்ஓக் நிழல்

நன்றி அம்மா. எதுவானாலும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

மருந்துக்கடை வாசல் (செவ்வாய்ப்பேட்டை)

இதற்கு விடை எளிது, சகோதரி. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் பல மடங்கு ஏறுகிறது. அது மூளையில் வேலை செய்து தூக்கத்தைக் கூட்டுகிறது. தூக்கம் கூடினால் கனவு வரும் கட்டமும் கூடும். ஆகவே கனவும் கூடுகிறது. எல்லாம் ஹார்மோன். பிள்ளை பிறந்தால் தானாக அடங்கிவிடும்.

தாள்சுருள்

மருந்துக்கடைக்காரரின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கோவையில் ஒரு தூக்க ஆய்வுக்கூடத்தில் பதினொரு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவள் நான். தலையில் கம்பிகளை ஒட்டிவிட்டு, அடுத்தவர் தூங்குவதை விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

புரோஜெஸ்டிரோன் மந்தத்தைக் கொடுப்பது உண்மை. முதல் மூன்று மாதம் பகலிலேயே கண் சொருகுவது அதனால்தான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பிணிகளுக்குக் கம்பி ஒட்டி அளந்து பார்த்தால், கனவுக்குப் பேர்போன ரெம் கட்டம், அதாவது மூடிய இமைக்குள் கண்விழி அங்குமிங்கும் ஓடும் அந்தக் கட்டம், கூடுவதில்லை. பெரும்பாலும் சற்றுக் குறைகிறது. கூடுவது வேறொன்று: விழிப்பு. சிறுநீர், நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, பக்கம் மாறிப் படுக்க முடியாமை, உள்ளேயிருந்து ஓர் உதை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் தினமும் கனவு காண்கிறோம். ஆனால் ரெம் கட்டத்தில் மூளை நினைவைப் பதியவைக்கும் நிலையில் இருப்பதில்லை. அதற்கு உதவும் நோரட்ரினலின் என்ற பொருள் அப்போது மிகவும் அடங்கிக் கிடக்கும். கனவு ஓடி முடிந்து, அதன்மேல் வேறு தூக்கம் படிந்துவிட்டால் சுவடே இல்லாமல் போய்விடும். கனவின் நடுவில் விழித்தால் மட்டும்தான் அது கைக்கு அகப்படும்.

1957இல் சிகாகோவில் டிமென்ட், கிளைட்மன் என்ற இருவர் இதையே சோதித்தார்கள். தூங்குபவர்களை ரெம் கட்டத்தில் எழுப்பியபோது ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது முறை கனவைச் சொன்னார்கள். மற்றக் கட்டங்களில் எழுப்பியபோது நூற்றுக்கு ஏழு முறைதான். மற்றக் கட்டங்களிலும் கனவு போன்ற ஏதோ ஓடுகிறது என்று பின்னால் தெரியவந்தது, ஏழு என்பது மிகக் குறைவு என்றார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. அங்கே எழுப்புவதற்கு மணி அடித்தார்கள். உங்களுக்கு அந்த வேலையைப் பிள்ளை செய்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கனவே காணாதவள் அல்ல, அம்மா. விடியும்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கியவள்.

கல்லாங்குத்து

அப்படியென்றால் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதையா?

தாள்சுருள்

பலிப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலையைத் தனியாகப் பிரித்து வைத்தவர்கள் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்கள்தான், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போகும். பத்து மணிக்குப் படுத்தவருக்கு மூன்றுக்கும் ஐந்தரைக்கும் இடையில் அரை மணி நேரம் நீளும் கனவுகூட வரும். முன்னிரவில் விழிப்பவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. நான்கு மணிக்கு விழிப்பவருக்கு முழுக்கதையே இருக்கும். கோர்வையான, நினைவில் நிற்கும் கனவு அந்த ஜாமத்தில்தான் அகப்படும். அதற்கு மதிப்பு வந்ததில் என்ன வியப்பு?

மருந்துக்கடை வாசல்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். விழிப்பு மட்டும்தான் காரணம் என்றால், சர்க்கரை நோயால் இரவில் நான்கு முறை எழும் என் அப்பாவுக்கும் பிள்ளை கூடையில் தொலைய வேண்டுமே?

தாள்சுருள்

நல்ல கேள்வி. விழிப்பு கனவை ஞாபகத்துக்குக் கொண்டுவரும். கனவுக்குள் என்ன இருக்கும் என்பதைப் பகல்தான் தீர்மானிக்கிறது. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், வெல்லமோ ஆஸ்பத்திரியோ வரும். பகலெல்லாம் மனம் எதைச் சுற்றுகிறதோ அதன் துணுக்குகளை எடுத்து, பழைய சரக்கோடு சேர்த்துத் தைப்பதுதான் கனவின் வழக்கம். சகோதரியின் கனவில் வளைவு இன்றைய கவலை, கூடை தினமும் கண்ணில் படுவது, கணக்கு வாத்தியார் பழைய பயம்.

புது அப்பா (ஓமலூர்)

என் கதையையும் சொல்கிறேன், தலைப்புக்குப் பொருந்துமா தெரியவில்லை. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். கனவு வருவது எனக்கு! நேற்று விசைத்தறியில் துணிக்குப் பதிலாகத் தொட்டில் சேலை நெய்துகொண்டே இருந்தேன், நீளம் முடியவே இல்லை. நான் ஆண்பிள்ளை, எனக்கு எந்தப் புரோஜெஸ்டிரோனும் ஏறவில்லை. மனைவியோ ஒன்றும் நினைவில்லை என்கிறாள்.

தாள்சுருள்

பொருந்துகிறது தம்பி, என்னைவிட நன்றாக வாதத்தை முடித்துவிட்டீர்கள். அவர் எழும்போதெல்லாம் நீங்களும் விழிக்கிறீர்களா?

புது அப்பா

விளக்கு போட்டுக் கதவைத் திறந்துவிடுவது நான்தானே!

அம்மாபேட்டை அத்தை

என் மருமகளுக்கும் இப்படித்தான் கெட்ட கனவாக வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை இரவில் போடுவதால் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நிறுத்தியதும் குறைந்தது. நீங்களும் சில நாள் நிறுத்திப் பாருங்கள்.

தாள்சுருள்

அத்தை, தயவுசெய்து இதை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். இரும்பு மாத்திரை கனவைக் கொண்டுவருவதில்லை. நெஞ்செரிச்சலோ வயிற்றுப் புரட்டலோ கொடுத்து எழுப்பிவிடலாம், அப்படியானால் போடும் நேரத்தைச் செவிலியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். உண்மையில் இரும்புச்சத்து குறைந்தால்தான் படுத்தவுடன் கால் குறுகுறுத்து, ஆட்டாமல் இருக்க முடியாத தொல்லை வரும், அதனால் தூக்கம் இன்னும் கெடும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரம் கழித்து விழிப்புதான் கூடும்.

சில்வர்ஓக், உங்களுக்கு ஒரு வேலை. தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு விழிப்பிலும் மணி, எழுப்பியது எது, கனவு இருந்ததா, ஒரே வரி. எழுந்து விளக்கைப் போடுவதற்கு முன் கண்மூடியபடி ஒரு நிமிடம் அசையாமல் நினைத்துப் பார்க்க வேண்டும், அசைந்தால் கலைந்துவிடும். பிள்ளைக் கனவை மட்டுமல்ல, எல்லாக் கனவையும் எழுதுங்கள். பத்து நாள்.

பத்து மாதப் பால்காரி

நான் பிள்ளை பெற்று இரண்டு மாதம். பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும் என்று மேலே ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். போன வாரம் நடுராத்திரி, போர்வைக்கடியில் பிள்ளை மூச்சுத் திணறுகிறது என்று கட்டிலில் மண்டியிட்டுத் தலையணையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடியிருக்கிறேன். கணவர் தோளைப் பிடித்து உலுக்கி, தொட்டிலைக் காட்டினார். பிள்ளை அங்கே நிம்மதியாகத் தூங்குகிறது. நான் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை போர்வையை உதறினேனாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

தாள்சுருள்

இது பைத்தியம் இல்லை. மான்ட்ரியலில் நீல்சன், பாக்கெட் என்ற இருவர் 2007இல் 273 பெண்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில் உங்கள் கதை அச்சு அசலாக இருக்கிறது: பிள்ளை கட்டிலில் தொலைந்துவிட்டதாகக் கண்டு, அரைத்தூக்கத்தில் படுக்கையைத் துழாவும் தாய்மார். பிள்ளைக்கு ஆபத்து வரும் கனவு பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு வந்திருக்கிறது, கர்ப்பிணிகளில் 42 பேருக்கு. கையைக் காலை அசைத்துத் தேடுவது பெற்றவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்த ஆய்வில் கர்ப்பிணிகள் 50 பேர்தான், அதனால் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் நம்பலாம்.

பிள்ளை அழுது அழுது உங்கள் தூக்கம் துண்டாகிறது. தூக்கம் பாக்கி விழுந்த மூளை கிடைத்த இடைவெளியில் ரெம் கட்டத்துக்கு வேகமாக ஓடும், அழுத்தமாக இருக்கும். அதன் நடுவில் மறுபடி எழுப்பினால் பாதி மூளை கனவில், பாதி அறையில். பகலில் ஒரு முறையாவது இரண்டு மணி நேரம் யாரிடமாவது பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். இன்னொன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: பகலிலும், விழித்திருக்கும்போது, அந்தப் பயம் வருகிறதா?

பத்து மாதப் பால்காரி

இல்லை. விடிந்ததும் எனக்கே சிரிப்பு வருகிறது.

தாள்சுருள்

அப்படியானால் சரி. பகலிலும் விடாமல் வந்தாலோ, தூங்கவே பயந்து உட்கார்ந்திருந்தாலோ, பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாமல் போனாலோ, அது கனவுப் பிரச்சினை இல்லை. அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். 14416 என்ற இலவச மனநல எண்ணிலும் தமிழில் பேசலாம்.

நீலமலை

முன்பு ஒரு பிள்ளையை ஏழாம் மாதத்தில் இழந்தவள் நான். இப்போது மறுபடி ஆறாம் மாதம். எனக்குப் பனியும் இல்லை, கூடையும் இல்லை. அதே அறை, அதே பச்சைத் திரை, அதே அமைதி. நடந்தது நடந்தபடி வருகிறது. நீங்கள் சொல்லும் தைத்துக் கோத்த கதை போல இல்லையே?

தாள்சுருள்

ஆமாம் அம்மா, அது வேறு. நடந்ததை மாற்றாமல் மறுபடி மறுபடி ஓட்டுவது ஆறாத காயத்தின் குணம். நோட்டு வைப்பது இதற்குப் போதாது, தனியாகச் செய்யவும் வேண்டாம். அடுத்த பரிசோதனையில் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள், கடைசியில் வேண்டாம். கடைசியில் சொன்னால் அவசரத்தில் காதில் விழாது.

சில்வர்ஓக் நிழல் (பன்னிரண்டு நாள் கழித்து)

நோட்டோடு வந்திருக்கிறேன். பத்து இரவில் 29 விழிப்பு. இரண்டு மணிக்கு முன் 14, அவற்றில் கனவு இருந்தது இரண்டில் மட்டும், அதுவும் ஏதோ ஒரு முகம், ஒரு வாசனை என்ற அளவில். இரண்டு மணிக்குப் பின் 15, அவற்றில் கனவு பத்து. மொத்தம் 12. எழுப்பியது பாதிக்கு மேல் சிறுநீர், பிறகு கால் பிடிப்பு, நான்கு முறை பிள்ளையின் உதை. ஓர் இரவு மட்டும், நல்ல மழை, தங்கை வந்து பக்கத்தில் படுத்திருந்தாள், இரவு ஒரு மணிக்கு ஒரே ஒரு தடவை எழுந்ததோடு ஆறரை வரை அசையவில்லை. அன்று நோட்டில் கனவு ஒன்றுமே இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. பன்னிரண்டில் பிள்ளையோ பிரசவமோ வந்தது ஆறில்தான். மற்ற ஆறில் பரீட்சை, தட்டுவடை செட் விற்கும் தாத்தா, தறிச் சத்தம், செத்துப்போன நாய். அவற்றை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. நோட்டு இல்லாவிட்டால் எனக்கு வருவதெல்லாம் பிள்ளைக் கனவுதான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

இன்னொன்று. வளைவுக் கனவு இரண்டு முறை வந்தது. ஒன்று சேலத்தில் பரிசோதனைக்குப் போய்த் திரும்பிய இரவு, மற்றது பக்கத்து வீட்டு அக்கா தனக்கு வழியிலேயே வலி கண்ட கதையைச் சொன்ன இரவு.

கல்லாங்குத்து

அப்படியென்றால் இந்த மாதிரி கேட்டு எடுத்த ஆய்வெல்லாம் பொய்தானே? காலையில் கேட்டால் எல்லோரும் பிள்ளைக் கனவைத்தான் சொல்லுவார்கள், நாயை யார் சொல்லப்போகிறார்கள்?

தாள்சுருள்

பொய் என்று தள்ள முடியாது. ஆனால் நீங்கள் பிடித்திருப்பது உண்மையான ஓட்டை. அதனால்தான் தினமும் காலையில் எழுதிவைக்கச் சொல்லி எடுத்த ஆய்வுகளை நான் கூடுதலாக நம்புகிறேன். 2014இல் அதே மான்ட்ரியல் குழு, முதல் பிள்ளையைச் சுமக்கும் கடைசி மூன்று மாதப் பெண்கள் 57 பேரையும் கர்ப்பமில்லாத 59 பேரையும் இரண்டு வாரம் எழுதவைத்தது. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுங்கனவு கண்டவர்கள் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 21, மற்றவர்களில் 7. ஆகவே நோட்டு வைத்தாலும் வித்தியாசம் தெரிகிறது. விழிப்பு எவ்வளவு, கவலை எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. நானும் சொல்ல மாட்டேன். மருந்துக்கடைக்காரருக்கு அந்த அளவு விட்டுக்கொடுக்கிறேன்.

மருந்துக்கடை வாசல்

பெருந்தன்மைக்கு நன்றி அம்மா! இதையும் சொல்லுங்கள்: கெட்ட கனவு கண்டவர்களுக்குப் பிரசவம் சீக்கிரம் முடியும் என்று எங்கோ படித்தேன். மனம் ஒத்திகை பார்த்துக்கொள்கிறதாம். உண்மையானால் சகோதரி பயப்படவே வேண்டாமே.

தாள்சுருள்

1972இல் விங்கெட், காப் என்பவர்கள் முதல் பிரசவத்துக்கு இருந்த 100 பெண்களின் கனவுகளைக் கேட்டுவைத்துக்கொண்டு, பிறகு வலி எத்தனை மணி நேரம் நீடித்தது என்று பார்த்தார்கள். பயக்கனவு சொன்னவர்களுக்கு நேரம் குறைவாக இருந்தது. படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பயத்தை வெளிப்படையாகச் சொல்லக்கூடிய பெண்ணுக்கும், அடக்கிவைக்கும் பெண்ணுக்கும் வேறு எத்தனையோ வித்தியாசம் இருக்கலாம். கனவுதான் வேலை செய்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கனவே வராத பெண்ணை அது வீணாகப் பயமுறுத்தும் என்பதற்காகவும் நான் இதை யாரிடமும் சொல்வதில்லை.

கல்லாங்குத்து

நான் ஒத்திகைக் கட்சி. ஆயிரம் வருடமாகப் பெண்கள் பயந்த விஷயத்தை மூளை சும்மா ஓட்டிப் பார்க்காது.

தாள்சுருள்

ஒத்திகை என்றால் கணக்கு வாத்தியார் ஏன் வண்டி ஓட்டுகிறார்? சரி, அதை உங்களிடமே விடுகிறேன்.

சில்வர்ஓக், விழிப்பைக் குறைக்க: பகலில் தண்ணீர் தாராளமாக, எட்டு மணிக்குமேல் தாகத்துக்கு மட்டும். சாயங்காலக் காப்பியை விட்டுவிடுங்கள், தோட்டத்துக்காரருக்கு இது கொடுமைதான். இடதுபக்கம் படுத்து முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை. குறட்டை புதிதாக வந்து, மூச்சு நின்று நின்று விழித்தால், காலையில் தலைவலியும் இருந்தால், ரத்த அழுத்தத்தோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை நீங்களாக வேண்டவே வேண்டாம்.

வளைவுக் கனவுக்கு ஒன்று செய்யலாம். பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து, முடிவை மாற்றி எழுதி, தினமும் பத்து நிமிடம் அந்த மாற்றிய கதையை மனத்தில் ஓட்டுங்கள். கொடுங்கனவுக்குச் செய்யும் சிகிச்சையின் சிறிய வடிவம் அது.

சில்வர்ஓக் நிழல் (ஒன்பது நாள் கழித்து)

இரண்டு செய்தி. முதலாவது, கணவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். 37ஆம் வாரம் பிறந்ததும் நான் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுகிறேன். அதுவரை இரவில் வண்டி வேண்டுமென்றால் யாரை எழுப்புவது என்று இரண்டு ஓட்டுநர்களின் எண்ணைக் கதவில் ஒட்டியாகிவிட்டது. மாமியார்தான் முதலில் தலையாட்டினார்.

இரண்டாவது, முடிவை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு கூடையிலும் ஒரு பெயர்ச்சீட்டு. ஆறு நாள் பகலில் ஓட்டிப் பார்த்தேன். ஏழாம் நாள் இரவு நான்கு மணிக்கு வந்தது. இருபது வளைவும் இறங்கிவிட்டோம், வாத்தியார் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் போனால், பிரசவப் பை ஏற்காட்டிலேயே நின்றுவிட்டது.

அம்மாபேட்டை அத்தை

பையை இன்றைக்கே கட்டி வாசலில் வை கண்ணு. பழைய பருத்திச் சேலை நான்கு, கொலுசு வேண்டாம்.

சில்வர்ஓக் நிழல்

கட்டியாகிவிட்டது அத்தை. மாத்திரையும் உள்ளே இருக்கிறது.